சுவரும் தூங்கிய கூட்டக் குறிப்பு

கல்லூரி நாடக மன்றத்தின் புதிய செயலாளரை எல்லாரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் விழுந்ததை டேப் ரெக்கார்டர் மாதிரி அப்படியே எழுதிவிடுவாள். வீட்டில் அண்ணனும் அம்மாவும் சண்டை போட்டால்கூட, "இல்லண்ணா, நீ 'வேணாம்'னு சொல்லல, 'வேணவே வேணாம்'னு சொன்ன" என்று நடுவில் நுழைந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்குவாள்.

செயலாளரானதும் அவள் எழுதிய முதல் கூட்டக் குறிப்பும் அப்படித்தான் இருந்தது. கூட்டம் நடந்த இடம், நாள், நேரம், வந்தவர்கள், வராதவர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நான்காம் பத்தியில்தான் வினை. ஆண்டு விழா நாடகத்துக்கு முன் மன்ற ஆலோசகர் உரையாற்றுவதைப் பற்றிய பேச்சு அது. ஆலோசகர் இயற்பியல் பேராசிரியர். அன்று அவர் வரவில்லை என்ற தைரியத்தில் மன்றத் தலைவன் வாயை விட்டிருந்தான். டேப்பு எழுதியிருந்தாள்: "ஆலோசகர் பேச ஆரம்பித்தால் சுவரும் தூங்கிவிடும் என்று தலைவர் கூறினார். உறுப்பினர்கள் சிரித்தனர். முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை."

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் ஒத்திகை அறையில் தலைவன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"இதெல்லாம் யாராவது எழுதுவாங்களா? அந்த வரிய தூக்கிடு."

"எப்படித் தூக்குறது? அழைப்போட, நிகழ்ச்சி நிரலோட சேத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேனே."

"எல்லாருக்கும்னா?"

"சாருக்கும்தான்."

தலைவன் அங்கிருந்த மரச் சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். நாடகத்துக்காகச் செய்தது, ஒரு கால் ஆடியது.

"கூட்டத்துல திருத்தம் கேளு. கமிட்டி ஒத்துக்கிட்டா திருத்திடலாம்" என்றாள் டேப்பு. "ஆனா நீ அப்படிச் சொல்லலன்னு மட்டும் சொல்லாத. சொன்ன."

மறுநாள் நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் கமிட்டி கூடியது. ஆலோசகர் எல்லாருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், கையில் கூட்டக் குறிப்பின் நகல். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவன் நிகழ்ச்சி நிரலின் முதல் பொருளை வாசித்தான். "முந்தைய கூட்டக் குறிப்பை... உறுதி செய்தல். திருத்தம் ஏதாவது..."

"இருக்கு" என்றார் ஆலோசகர்.

பொருளாளருக்கு இருமல் வந்தது.

"என்னை 'வராதவர்'னு போட்டிருக்கீங்க. நான் வர முடியாதுன்னு முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். 'வர இயலாமை தெரிவித்தவர்'னு இருக்கணும். சொல்லாம கொள்ளாம வராம இருக்கிற ஆள் நான் இல்ல."

டேப்புக்கு முகம் சிவந்தது. அவர் சொல்லி அனுப்பியது உண்மை, அவள்தான் மறந்துபோனாள். தன் எழுத்தில் பிழை என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தச் சொல்லின்மேல் ஒற்றைக் கோடு போட்டுச் சரியானதை மேலே எழுதினாள். பக்கத்தில் தலைவன் சுருக்கொப்பம் இட்டான்.

"சார், நாலாம் பத்தி..." என்று தலைவனே ஆரம்பித்தான், பயத்தில் அடக்க முடியாமல்.

"அதுல என்ன தப்பு? நீங்க சொல்லலையா?"

"சொன்னேன் சார்."

"அப்ப சரியாத்தான் பதிவாகியிருக்கு. ஆனா ஒண்ணு. யார் என்ன பேசினாங்கன்னு இவ்வளவு எழுத வேண்டாம்மா, என்ன முடிவாச்சு, யார் செய்யணும், அது போதும். முடிவு இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. மூணாவது பொருள் ஆண்டு விழாதானே?"

குறிப்பு உறுதி செய்யப்பட்டது, தலைவன் கையெழுத்திட்டான். மூன்றாவது பொருள் வந்ததும் ஆலோசகர் எழுந்து நின்றார். "ஆலோசகர் உரை மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்!" என்று மொத்த அறையும் ஒரே குரலில் கத்தியது.

டேப்பு பேனாவைத் தூக்கினாள். "ஒருத்தர் பேர் போதும். யாரோடத போட?"

ஆலோசகர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் பொருளாளரின் பெயரை எழுதினாள். வழக்கமாகத் தூங்கிக்கொண்டே இருக்கும் அவன் அன்றுதான் முழுதாக விழித்திருந்தான். "ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடித்தாள். சிரித்ததைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதக் கை துறுதுறுத்தது, அது வேறு விஷயம்.

விழாவன்று ஆலோசகர் மேடையேறினார். மூன்று நிமிடம் முடிந்ததும், பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று சொல்லவந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்கவே இல்லை. அரங்கத்தில் பாதிப் பேர் மீதி வாக்கியத்தைக் கேட்க அவரைச் சுற்றிக்கொண்டதில், நாடகம் தாமதமாகத்தான் தொடங்கியது.