ஐசக்கைக் கேளுங்கள்

பிளெய்ன்ஸ்பரோ பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியில் ஐசக் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஊழியர். டீமுக்கு யார் புதிதாக வந்தாலும் மேனேஜர் பெயரில் போகிற வரவேற்பு ஈமெயிலை எழுதுகிற வேலை அவர் தலையில்தான் விழும். பேட்ஜ் எங்கே வாங்குவது, வண்டியை எங்கே விடுவது, பாஸ்வேர்டுக்கு யாரைக் கூப்பிடுவது, முதல் வாரம் எந்தக் கிழமை என்ன மீட்டிங் என்று எல்லாம் அதில் இருக்கும். அவர் வந்தபோது அப்படி ஒரு வரி எழுத நாதியில்லை. பார்க்கிங் லாட்டில் நின்று திருதிருவென்று முழித்ததை அவர் மறக்கவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் ஒருவழியாகக் கம்பெனியே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. சேருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேனேஜர் டெபியிடமிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரவேற்பு ஈமெயில் வந்தது. ஆசையாகத் திறந்தார். அவர் எழுதியதேதான். மேலே பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

'எந்தச் சந்தேகம் என்றாலும் ஐசக்கைக் கேளுங்கள். முதல் நாள் அவர் உங்களை லன்ச்சுக்கு அழைத்துப் போவார்.'

"படிச்சுக்கூடப் பாக்கலையா அவ?" என்று மனைவி ஷைனா கொதித்தாள்.

"இத்தனை வருஷமும் அனுப்பினாளே, என்னைக்குப் படிச்சா?" என்றார் ஐசக்.

திங்கட்கிழமை பழைய பேட்ஜைக் கொடுத்துப் புதியதை வாங்கினார். பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. யாரைக் கூப்பிடவேண்டும் என்று அவருக்கா தெரியாது? மதியம் டெபி மீட்டிங்கில் இருந்தாள். எழுதிக் கொடுத்த வாக்கு ஆயிற்றே. ஐசக் எழுந்து, ஐசக்கைக் கூட்டிக்கொண்டு லன்ச்சுக்குப் போனார்.