மதகுக்காரர் திரும்பப் பெற்ற பேட்டி

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மதகு என்பார்கள். ஏரியின் மதகைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேலை போய், பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் யாராவது ஒருத்தன், "வழி விடுங்கப்பா, திறந்து விட்டுடப் போறாரு" என்பான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பி நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றும்.

அவருடைய மகள் என் வரலாற்று வகுப்பில் படித்தாள். கடைசி வருடம் ஒவ்வொரு மாணவரும் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது, அவள் பிறந்த வருடம் கீழ்த்தெருவை அடித்துக்கொண்டு போன வெள்ளம். பதினோரு பேர் செத்தார்கள். தண்ணீரைத் திறக்கும் முன் சங்கு ஊத வேண்டும் என்பது விதி. சங்கு தாமதமாக ஊதியது, மதகுக்காரரின் அலட்சியமே காரணம் என்று விசாரணை அறிக்கை முடித்துவிட்டது. அபாயக் குறியைத் தண்ணீர் தொட்டதுமே ஊதினேன், இடத்தை விட்டு நகரவே இல்லை, மழைச் சத்தத்தில் கீழே கேட்டிருக்காது என்று அவர் அன்று முதல் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மகள் இந்தத் தலைப்பை எடுத்தாள் என்று தெரிந்ததும் மனிதர் பள்ளிக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. "என் பேச்சும் ஒரு இடத்துல எழுத்துல இருந்தா போதும் டீச்சர்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையில் ஆய்வுமுறைப் பத்தி என்று ஒன்று உண்டு. எந்தச் சான்றுகளை எடுத்தாய், ஏன் எடுத்தாய், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல வேண்டிய இடம். பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கடைசி நாள் ஒப்பேற்றுவார்கள். வரம்புகள் என்ன என்று கேட்டால் நேரம் போதவில்லை என்று எழுதுவார்கள். நேரம் போதாதது உன் வரம்பு கண்ணு, சான்றின் வரம்பைச் சொல் என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது.

இவள் அப்படி இல்லை. விசாரணை அறிக்கையை எழுதியது மதகை வைத்திருந்த அதே துறை, பழி யார் தலையில் விழும் என்பதில் அதற்கும் அக்கறை உண்டு என்று எழுதினாள். செய்தித்தாள் நிருபர் மறுநாள்தான் வந்தார், அதிகாரி சொன்னதையே அச்சிட்டார் என்று எழுதினாள். சங்கு ஊதிய நேரத்தைக் குறிக்கும் பதிவேடு வெள்ளத்தோடு போய்விட்டது, ஆகவே அன்றே எழுதப்பட்ட சான்று எதுவும் இல்லை, அந்தக் குறையை நிரப்பத்தான் நேர்காணல்கள் என்று எழுதினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஒரு மதியம் ஆசிரியர் அறைக்கு வந்து, கைபேசியை என் காதில் வைத்தாள். அவள் அம்மாவின் பேட்டி. அந்த அம்மாள் கணவரைப் பற்றி வாய் நிறையப் பேசுகிறார். மதகுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு. மனிதர் மழையில் தொப்பலாக ஓடி வந்தாராம், கைக்குழந்தையைத் தூக்கிப் பக்கத்து மாடியில் விட்டுவிட்டு மதகுக்குத் திரும்ப ஓடினாராம். "அவர் போன பிறகுதான் சங்குச் சத்தமே கேட்டுது. எங்களைப் பத்திரமா ஏத்திவிட்டுட்டுதான் போனாரு, அப்படிப்பட்ட மனுஷன்" என்கிறார். எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அறிக்கையை அவர் படித்ததே இல்லை.

"கைக்குழந்தை நான்தான் மிஸ்" என்றாள் மகள்.

இடத்தை விட்டு நகரவே இல்லை என்று அவள் அப்பா சொன்ன பேட்டியும் அதே கைபேசியில்தான் இருந்தது.

அம்மாவுக்கு நினைவு தப்பியிருக்கலாம், இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் அதே அளவுகோலை அப்பாவுக்கும் வைக்க வேண்டும் என்றேன். அவருக்கும் அத்தனை வருடம்தான் ஆகிறது. அதோடு பழி அவர் மேல் இருக்கிறது, அம்மா மேல் இல்லை. அம்மாவின் பேட்டியை விட்டுவிடலாமா என்றாள். எடுத்த பேட்டியை விட்டால் ஏன் விட்டாய் என்று அதே பத்தியில் சொல்ல வேண்டும். என்ன சொல்வாய் என்றேன். நான் சொல்லிக்கொடுத்த பாடமே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. நான்தான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

எனக்கு இதில் கை வைக்க அதிகாரம் கிடையாது. ஒரே ஒரு வரைவுக்கு ஒரு தடவை கருத்துச் சொல்லலாம், ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு தடவையும் தீர்ந்திருந்தது.

அடுத்த வாரம் பத்தியை முடித்துக் கொண்டுவந்தாள். பெற்றோர் இருவரின் கூற்றுகளும் சங்கு ஊதிய நேரத்தில் முரண்படுகின்றன, எது சரி என்று உறுதி செய்ய வேறு சான்று இல்லை என்று இருந்தது. கடைசியில் இப்படி: 'தாய் குறிப்பிடும் குழந்தை இக்கட்டுரையை எழுதும் நானே. ஆகவே இதில் என்னால் நடுநிலையாக இருக்க இயலாது.' இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்மையான வரியை எந்த மாணவியும் என்னிடம் கொடுத்ததில்லை. படித்துவிட்டு ஏன்தான் வரலாற்று ஆசிரியை ஆனேனோ என்று இருந்தது.

பேட்டி கொடுத்தவருக்குத் தன்னைப் பற்றிய பகுதியைப் படிக்கும் உரிமை உண்டு. மகளால் காட்ட முடியவில்லை. நான்தான் அவரை வரச் சொன்னேன். அதே இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

மனைவி சொன்னது தப்பு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"இந்தக் குழந்தைங்கற வரியை மட்டும் எடுத்துட முடியுமா டீச்சர்?" என்றார்.

என்னால் முடியாது, எழுதியது அவள், சொன்னால் அவளும் எடுக்க மாட்டாள் என்றேன்.

"என்னைப் பத்தி என்ன வேணா இருக்கட்டும். பழகிடுச்சு. நாளைக்கு எவனாவது அவளைப் பார்த்து, உன்னைத் தூக்கப் போனதாலதான் பதினோரு பேர்னு சொன்னா? அவ தாங்குவாளா?"

பேட்டிக்காகத் தான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துப் புரட்டினார். சம்மதப் படிவத்தின் அடியில், சமர்ப்பிக்கும் முன் பேட்டியைத் திரும்பப் பெறலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேட்டி கொடுக்கிறவர்களின் பாதுகாப்புக்காக நானே கேட்டு வாங்கிச் சேர்த்தது. அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். தான் சொன்னதை எடுத்துவிட்டால் முரண்பாடு என்ற பேச்சே வராதே என்று கேட்டார். மனைவியிடமும் கையெழுத்து வாங்கிவிடுவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் அறிக்கை சொன்னது மட்டும்தான் நிற்கும், உங்கள் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள் என்று மன்றாடினேன்.

"அதுவே இருக்கட்டும்" என்று பேனா கேட்டார்.

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய?

மகள் பத்தியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கடைசி வரி இப்போது இப்படி இருக்கிறது: 'மதகுப் பணியாளரும் அவர் மனைவியும் அளித்த பேட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. காரணம் தெரிவிக்கப்படவில்லை. இது இந்த ஆய்வின் முக்கிய வரம்பு.' தலை குனிந்தபடி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சான்றின் வரம்பைத் தெளிவாகச் சொன்னதற்கு முழு மதிப்பெண் உண்டு. போட்டேன். மாலை பூங்கா வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பொண்ணு எவ்வளவு வாங்கினாள் என்று கேட்டார். முழுசு என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.