நாலு சதவீதம்

காலை பதினொன்றே முக்காலுக்கு என் கணவர் தொழிற்சாலையிலிருந்து போன் செய்து, "கொடுத்துட்டேன்" என்றார். கொடுத்தது விருப்ப ஓய்வு விண்ணப்பம். அன்று மாலை ஐந்து மணியோடு பணியாளர் அலுவலகத்தில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அதுவரை வேண்டுமானால் திரும்பப் பெறலாம், அப்புறம் முடியாது.

முந்தின வாரம் முழுக்க இதைத்தான் பேசினோம். யோசித்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் அன்று காலை டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. ஓரகடம் போகும் சாலையில் இருந்த அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பார்க்காத தொகை.

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகன் எழுதிய மின்னஞ்சலை, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த இன்டர்நெட் கடையில் பிரிண்ட் எடுத்து அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அங்கே ஓய்வு பெறுகிறவர்கள் இப்படிச் செய்கிறார்களாம்: சேர்த்த பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டுவிட்டு, முதல் வருடம் அதில் நூற்றுக்கு நாலு எடுப்பது. அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசி ஏறிய அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது. அவர்களுடைய பழைய வருடங்களை வைத்துப் பார்த்ததில் எந்த முப்பது வருடத்திலும் பணம் தீரவில்லையாம். "அப்பா, இது ரொம்ப சேஃப்" என்று முடித்திருந்தான்.

இவருக்கு அது போதும். "அவங்க ஊர்லயே நாலு சேஃப்ங்கறான். நம்ம பேங்க்ல ஒன்பது தரான். நாலை எடுத்துக்கிட்டா அஞ்சு உள்ளயே வளருது. மாசம் அஞ்சாயிரம் கையில." கேன்டீனில் இதையே சொல்லிச் சொல்லி, பாதிப் பேரை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றியிருந்தார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய லைன் சூப்பர்வைசர் ஒருவர், உள்ளூர்க்காரர், என்னைப் பார்த்தால் "இன்னா அண்ணி, அண்ணன் பெரிய ஆளாயிட்டாரு, நாலு பர்சென்ட்டுல குந்திக்கினு சாப்பிடலாம்ன்றாரு" என்று சிரிப்பார்.

நான் கணிதம் படித்தவள். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். என் பேச்சு மட்டும் அந்த வீட்டில் கணக்கில் சேரவில்லை. போனை வைத்துவிட்டு, மத்தியானப் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். உள்ளே பத்துப் பேர். ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் நிறுத்தினான். எனக்கு ஆத்திரமாக வந்தது.

கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. டீ இடைவேளையில் அவரே வந்தார். கையில் டீ டம்ளர்.

"இங்க எதுக்கு வந்த? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அந்த நாலு சதவீதம் பங்குல போட்டவங்களுக்குச் சொன்னது. நீங்க போடப் போறது டெபாசிட்ல."

"பங்கு விழும். டெபாசிட் விழாதுடி."

"வட்டி விழுதே! போன தடவை புதுப்பிச்சப்ப இருந்த வட்டி இப்ப இருக்கா? ஒன்பதுல வரி போக மீதி எவ்வளவு? விலைவாசி ஏறுறது போக எவ்வளவு?"

"அஞ்சு உள்ள வளருதுன்னு சொல்றேன்ல."

"வளரல. அது விலைவாசிக்குப் போட வேண்டிய தீனி. இந்த வருஷம் அஞ்சாயிரம் எடுத்தா அடுத்த வருஷமும் அஞ்சாயிரத்துல முடியுமா? இந்தப் பக்கம் கம்பெனிங்க வந்ததுலேர்ந்து பதினொரு மாசத்துக்கு ஒரு தடவை வாடகை ஏத்தறாரு வீட்டுக்காரர். கம்பெனி வேலைக்கு வந்த மதுரைப் பசங்க அஞ்சு பேர் ஒரு ரூம்ல இருந்துக்கிட்டு அவர் கேக்கறதைக் குடுக்கறாங்க. நாம குடுக்கலைன்னா அவங்களுக்கு விடுவாரு."

நான் விடவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொன்னேன். வட்டியும் விலைவாசியும் சமமாக ஓடினால், பணம் வளரவும் இல்லை, குறையவும் இல்லை என்று அர்த்தம். நூறில் வருடத்துக்கு நாலு எடுத்தால் இருபத்தைந்து வருடத்தில் நூறும் தீரும். விலைவாசி வட்டியை முந்தினால் இன்னும் சீக்கிரம் தீரும். அமெரிக்காவில் விலைவாசி மெதுவாக ஏறியது, பங்குகள் அதைத் தாண்டி வளர்ந்தன. அதனால் முப்பது வருடம் தாங்கியது. அது அவர்களுடைய பழைய வருடங்கள். நம்முடையதை வைத்து யார் பார்த்தது?

"இருபத்தஞ்சு வருஷம் போதாதா?"

"எனக்கு அப்ப அறுபத்தொன்பது. உங்கம்மா எம்பத்தேழு வரைக்கும் இருந்தாங்க."

"பையன் இருக்கான்."

"அவனுக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் ஃபீஸ் யார் கட்டறது? அதையும் இந்தப் பதினஞ்சுலேர்ந்துதானே? அங்க ஃபீஸ் ஒரு டாலர் ஏறல, இங்க ரூபா மதிப்பு விழுந்து ஒவ்வொரு தடவையும் கூடக் கட்டறோம். அமெரிக்காக்காரன் சேமிக்கறதும் டாலர், செலவழிக்கறதும் டாலர். நமக்கு அப்படியா?"

"ரூபா விழுந்தா நல்லதுதானே. நாளைக்கு அவன் சம்பாதிச்சு அனுப்பறது கூட வரும்."

"சம்பாதிச்சா! இன்னிக்குக் கட்டறது நாம. ரூபாய் விழுந்தா பெட்ரோல் ஏறும், கேஸ் ஏறும், லாரி வாடகை ஏறும், தக்காளி ஏறும். அதுவும் அந்த அஞ்சாயிரத்துலதான்."

செக்யூரிட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சைரன் ஒலித்தது. "நீ வீட்டுக்குப் போ" என்றார் இவர். திரும்பப் பெறுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த எல்லாப் பதில்களும் இப்படித்தான். கேட்டிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. மானத்துக்குப் பயந்து திரும்பினேன்.

வழியில் மகனுக்கு ஐ.எஸ்.டி. பூத்தில் போன் போட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை. "அம்மா, நான் சும்மா இன்ட்ரஸ்டிங்கா இருக்குன்னு அனுப்பினேன்" என்றான் தூக்கக் கலக்கத்தில். சும்மாவாம்! மீட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் திட்டக்கூட முடியவில்லை.

ஐந்து மணி ஆனது. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. இறங்கியவர்களில் அவர் இல்லை. அடுத்த பஸ்ஸிலும் இல்லை. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்காமல் விட்டுவிட்டு, என் முகத்தில் விழிக்கப் பயந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். அரிசி களைந்தவள் உலையில் போட மறந்துவிட்டேன்.

இருட்டிய பிறகு எங்கள் வாசல் கேட் திறந்தது. வந்தது அந்த லைன் சூப்பர்வைசர். கையில் எங்கள் வீட்டு டிபன் கேரியர்.

"அண்ணன் ரெண்டாவது ஷிப்டுக்கும் நின்னுட்டாரு அண்ணி. ஓ.டி.யாம். பேப்பரைத் திருப்பி வாங்கிட்டாரு. அஞ்சு மணிக்கு அஞ்சு நிமிசம் கீது, ஓடிப் போயி வாங்கினாரு."

நான் கதவை முழுக்கத் திறந்தேன். உட்காருங்கள், காபி போடுகிறேன் என்றேன். அவர் உட்காரவில்லை. கேரியரையும் என்னிடம் கொடுக்கவில்லை. எப்போதும் இருக்கும் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"என் பேப்பரு உள்ளயே கீது அண்ணி. அண்ணன் சொன்னாருன்னுதான் குடுத்தேன், நான் போறதுக்குள்ள அஞ்சு தாண்டிடிச்சி, திருப்பித் தர முடியாதுன்ட்டாங்க. கேட்டாண்ட நீங்க சொன்னீங்களாமே, செக்யூரிட்டி சொன்னான். அந்த இருபத்தஞ்சு வருசம்... மெய்யாலுமா அண்ணி?"