பன்னிரண்டு மாதச் சோதனை

தூத்துக்குடி பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மாடி அறை. மியூச்சுவல் ஃபண்டு விற்கும் கிளாட்வின் அண்ணாச்சியின் ஆபீஸ் அது. விஜிலா அங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். கப்பலில் போகிறவர்களின் குடும்பங்கள் அறுபத்து மூன்று, அவள் கையில் இருந்தன. நடுக்கடலில் இருப்பவன் தினமும் மார்க்கெட்டைப் பார்க்க முடியாது. அவர்களுக்கென்று அண்ணாச்சி கொண்டுவந்ததுதான் ‘டூயல் மொமெண்டம்’.

விஷயம் எளிது. மாதக் கடைசியில் பெரிய கம்பெனிப் பங்கு ஃபண்டையும் நடுத்தரக் கம்பெனிப் பங்கு ஃபண்டையும் பக்கத்தில் வைத்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எது அதிகம் ஏறியது என்று பார்க்க வேண்டும். ஜெயித்தது, பேங்க் டெபாசிட் மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் கிடக்கும் லிக்விட் ஃபண்டைவிட அதிகம் கொடுத்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கொடுத்திருந்தால் பணம் அதில் இருக்கும். இல்லையென்றால் பங்கே வேண்டாம், கடன் பத்திரங்களில் போடும் பாண்டு ஃபண்டுக்கு மாற்ற வேண்டும். பாண்டும் லிக்விடுக்குக் கீழே என்றால் பணம் லிக்விடிலேயே கிடக்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளில் ‘பன்னிரண்டு மாதம்’ என்று விஜிலாதான் டைப் அடித்திருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் பெரிய கம்பெனி 4.1 சதவீதம், நடுத்தரம் 1.6, லிக்விட் 6.8, பாண்டு 9.2. யோசிக்கவே வேண்டியதில்லை. எல்லாம் பாண்டுக்குப் போக வேண்டும்.

அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார். “ஏளா, ஆறு மாசம் போட்டுப் பாரு.”

போட்டாள். பெரிய கம்பெனி 5.0, லிக்விட் 3.3.

“அப்ப பங்கிலயே கெடக்கட்டும். ஆறுன்னே அனுப்பு.”

“தாள்ல பன்னெண்டுல்லா இருக்கு அண்ணாச்சி?”

“தாள எவன் படிக்கான்? பாண்டுக்குப் போனா நமக்கு வார கமிஷன் பாதிகூட இல்ல. லிக்விட்ல நக்கிப் பாக்கக்கூட ஒண்ணும் தேறாது.”

‘பங்கிலேயே இருக்கட்டும்’ என்று விஜிலா எல்லோருக்கும் அனுப்பினாள். அவள் விரல்தான் தட்டியது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள், வாசனை பிடிக்காமல் மூடிவிட்டாள்.

விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மார்க்கெட் மூன்று சதவீதம் ஏறியது! ‘அண்ணாச்சி கில்லாடி’ என்று வாட்சப்பில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அவர் ஆபீஸுக்கு முந்திரி மக்ரூன் வாங்கிவந்தார். வாயில் போட்ட ஒன்றை விஜிலா பாத்ரூமில் போய்த் துப்பினாள். ஏறினதால் செய்தது சரியாகிவிடுமா? ஒரு மாதத்தை வைத்து விதியையும் மெச்ச முடியாது, ஏமாற்றையும் மெச்ச முடியாது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான்.

அடுத்த மாதக் கடைசியில் ஆறு மாதக் கணக்கு உதைத்தது. பெரிய கம்பெனி 3.0, லிக்விட் 3.4. பன்னிரண்டில் பார்த்தால் பெரிய கம்பெனி 7.2, லிக்விட் 6.8.

அண்ணாச்சி பல் குத்திக்கொண்டே சொன்னார்: “இந்த மாசம் பன்னெண்டே நல்லாருக்கு. பழையபடி மாத்திரு.”

அவர் குத்திய குச்சியை மேசை ஓரத்தில் வைத்தார். விஜிலா கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

“நான் மாத்த மாட்டேன்.”

“என்னளா சொல்லுத?”

“போன மாசம் ஆறு, இந்த மாசம் பன்னெண்டு. எது பங்குல நிக்க விடுதோ அதுவா? இதுக்கு என்னத்துக்கு ஒரு சோதனை? நேரா கமிஷன்னு சொல்லிருங்க.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை எழுப்பிவிட்டது. இரண்டு மாதத்துக்கும் இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டு, ‘போன மாதம் விதிப்படி நீங்கள் பாண்டுக்குப் போயிருக்க வேண்டும். தப்பாக அனுப்பியது நான்’ என்று எழுதி, அறுபத்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டுப் படி இறங்கினாள்.

நன்றி என்று யாரும் ஓடி வரவில்லை. மணப்பாட்டு ரெக்சன், கப்பலில் எஞ்சினியர், சிங்கப்பூரிலிருந்து பேசினான்: “லாபம்தானக்கா வந்துருக்கு? ஏன் பெரிசு பண்ணுதிய?” இன்னொருத்தர், கிளாட்வினிடம் சம்பளத் தகராறா என்று விசாரித்தார். தருவைகுளத்து ஸ்டெபி மட்டும் விஜிலாவின் வீட்டுக்கு நேரில் வந்தாள். புருஷன் கப்பலில், கையெழுத்து அவளுடையது.

“நான் கையெழுத்துப் போட்டது பன்னெண்டுக்கு. ஆறுக்கு இல்ல. ஏறிச்சோ எறங்குச்சோ, என்னைக் கேக்காம எப்பிடி மாத்துனிய?” என்றாள். “நீங்களுந்தானே அனுப்புனிய?”

“ஆமா, நாந்தான்” என்றாள் விஜிலா.

ஸ்டெபியோடு சேர்த்து நாலு பேர் கிளாட்வினை விட்டு விலகினார்கள். மீதி ஐம்பத்தொன்பது பேர் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஆபீஸில் இப்போது ஏசி போட்டாகிவிட்டது. தாளையும் மாற்றிவிட்டார்கள்: ‘ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை, சூழலுக்கேற்ப.’

விஜிலா ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜெண்டிடம் சரக்குப் பேப்பர் பார்க்கிறாள். சம்பளம் மூவாயிரம் குறைவு. ஒருநாள் பஸ்ஸில் கிளாட்வின் அவள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, “ஏளா, திரும்பி வாரியா?” என்று கேட்டார். அவள் எழுந்து போய், திருச்செந்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.