மழை விடுமுறையன்று போட்ட ரசீது

ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் கட்டண ரசீதுப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு. மாணவர், தவணை, தேதி, கட்டிய தொகை. கார்பன் நகலில் பாதி எழுத்து தெரியாது, எரிச்சல்தான் மிச்சம்.

மற்ற பிள்ளைகளுக்குத் தவணைக்கு ஒரு ரசீது. எட்டாம் வகுப்பு காவ்யாவுக்கு மட்டும் இரண்டாம் தவணை இருநூறும் முந்நூறுமாக இழுத்துக்கொண்டே போனது. மொத்தமாகக் கூட்டி ஒரே வரிசையில் போடப் பார்த்தேன். காசாளர் ஆக்னஸ் விடவில்லை.

"ரசீதுக்கு ஒரு வரிசை சார். கட்டின தேதி ஒவ்வொண்ணும் வேணும்."

போட்டேன். எல்லாம் சனிக்கிழமை. காவ்யாவின் அம்மா குப்பம்மாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை, வெள்ளி மாலை வாரக்கூலி என்றார் ஆக்னஸ்.

ஒரு டிசம்பர் தேதியில் என் கை நின்றது. ஊரே வெள்ளத்தில் கிடந்த நாள், பள்ளிகளுக்கு விடுமுறை.

"தேதியத் தப்பா எழுதியிருக்கீங்க," என்று சிடுசிடுத்தேன்.

ஆக்னஸ் நகலை வாங்கிப் பார்த்தார். "தப்பில்ல சார். அன்னிக்கு ரசீது புக்கையெல்லாம் மாடிக்கு ஏத்த வந்தேன். இடுப்பளவு தண்ணில அந்தம்மா வந்து நிக்குது. லீவும்மா, போன்னேன். 'ஸ்கூலுக்குத்தான் லீவு மேடம். ஊட்ல வச்சா துட்டு தங்காது. வாங்கிக்கினு ரசீது குடு'ன்னுச்சு. மாடிப்படியில உக்காந்து எழுதிக் குடுத்தேன்."

இருநூறு ரூபாய். தேதியைத் திருத்தப் போன விரலை எடுத்துக்கொண்டு, நகலில் இருந்தபடியே அடித்தேன். பிறகு அடுத்த ரசீதைப் புரட்டினேன்.

காவ்யா, இரண்டாம் தவணை, அதற்கடுத்த சனிக்கிழமை.