வெள்ளிக்கிழமை மதிய வகுப்புக்கு ஆள்

கணக்கு டீச்சருக்கு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பகுதிநேரப் படிப்புதான், வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வகுப்பு. அந்த அரைநாளுக்குப் படிப்பு விடுப்பு கேட்டு எழுதிய விண்ணப்பத்தோடு, சேர்க்கைக் கடிதத்தின் நகலையும் இணைத்துத் தலைமை ஆசிரியரிடம் நீட்டினாள்.

அவர் படித்துவிட்டு, "பேஷா படிங்கம்மா. நிர்வாகத்துக்குப் பரிந்துரை பண்ணி அனுப்பிடறேன். உங்க வகுப்பை யார் எடுப்பாங்கன்னு மட்டும் எழுதி, அவங்க கையெழுத்தை வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

அங்கேதான் அவளுக்கு அலுப்புத் தட்டியது. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு வேறு ஆள் போடுவதே பல வருஷமாக அவள் வேலை. யாரைக் கேட்டாலும் மூஞ்சியைத் தூக்குவார்கள் என்று, கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தன் பேரையே போட்டுக்கொள்வாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஆசிரியர் அறைக்குள் போய்க் கேட்டாள். அறிவியல் சார் அவசரமாக விடைத்தாளுக்குள் தலையைப் புதைத்தார். ஓவிய டீச்சர் மட்டும் நிமிர்ந்து, "ஏன் டீச்சர், ஆள் இல்லேன்னா எப்பவும் நீங்கதானே போவீங்க?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

கணக்கு டீச்சர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். 'மாற்று ஆசிரியர்' என்ற இடத்தில் கை பழக்கத்தில் தன் பேரையே எழுதிவிட்டது. பிறகு அதை அடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க வகுப்பே இல்லாத ஆள் பள்ளிக்கூடத்தில் ஒருவர்தான். அவர் பேரை எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கத் தலைமை ஆசிரியர் அறைக்கே திரும்ப நடந்தாள்.