சாரங்கு ஈஸ்வரனின் ஒரே மூச்சு வேண்டுதல்

தீவுக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட் முருகன் கோயிலில் ஈஸ்வரன் வேண்டுதல் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முற்றுப்புள்ளி எங்கே என்று முருகனுக்கே தெரியாது. சாத்தாம் துறைக்கும் இந்தக் கரைக்கும் இடையே போட் ஓட்டிய சாரங்கு அவர். இஞ்சின் சத்தத்துக்கு மேலே ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே உரம் ஏறிய தொண்டை. சுனாமிக்குப் பிறகு வந்த கிருத்திகையில், கண்ணை மூடிக்கொண்டு மனதில் வந்ததை வசனமாகச் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு கிருத்திகைக்கும் தீபாராதனைக்கு முன்னால் அதையேதான் சொன்னார். குருக்கள் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனுஷன் எப்போது மூச்சு விடுவார் என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

அந்த மனுஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். வேண்டுதலும் அவரோடு நின்றுபோனது.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு அது பொறுக்கவில்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் மைக்கில் கப்பல் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவள். ஹேவ்லாக் தீவுக் கப்பல் தாமதம் என்பதைக்கூடக் கேட்பவருக்குக் கோபம் வராமல் சொல்லத் தெரிந்த குரல். வேண்டுதல் அவளுக்கு மனப்பாடம்தான். ஆனால் பாதி வரும் முன்னால் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்காத நாளில் அழுகை வந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் தங்கையா, ஈஸ்வரனோடு ஒரே போட்டில் வேலை பார்த்தவர். அவர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மதினி, மெயின்லேண்டுல இருந்து பென் டிரைவ்ல நல்ல பாட்டா கொண்டாந்திருக்காங்க. ஆடிக் கிருத்திகையில இருந்து அதையே போட்டுரலாம்னு கமிட்டியில பேச்சு. அண்ணன் சொன்னத வேற யாரால சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க."

"ஒரு ஆளால முடியாது தம்பி. வெள்ளிக்கிழமை கூட்டம் மொத்தமும் சேந்து சொன்னா?"

"ஆடிக் கிருத்திகைக்குள்ள சொல்லிக் காட்டுங்க. டீக் ஹே, சரி, அதுவரைக்கும் பென் டிரைவ் என் பையிலயே கெடக்கட்டும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்பது வெள்ளிதோறும் கோயிலில் கூடும் அக்கம்பக்கத்துப் பெண்கள். தமிழும் தெலுங்கும் வங்காளமும் கலந்த கூட்டம். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். மங்கையர்க்கரசி தன் தொழிலை நம்பி இறங்கினாள். கணவர் சொன்னதில் ஒரு சொல்லையும் தொடாமல், இடையிடையே வெட்டி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் நிறுத்தினாள்.

"கடலில் போகிறவர்களையும்..."

கூட்டம் திருப்பிச் சொன்னது. அவள் காத்திருந்தாள். ஜெட்டியில் அப்படித்தான். தகரக் கொட்டகையில் எதிரொலி அடங்கிய பிறகுதான் அடுத்த வார்த்தை. இங்கே எதிரொலியும் இல்லை, கொட்டகையும் இல்லை. அந்த இடைவெளியில் ஒருத்தி இருமினாள், ஒருத்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், ஒருத்தி அவசரப்பட்டு அடுத்த துண்டுக்குத் தாவினாள். "பிழைப்புத் தேடி வந்து காடு திருத்தி இங்கேயே தங்கிவிட்டவர்களையும்" என்ற துண்டில் பாதிப் பேர் நடுவழியில் இறங்கிக்கொண்டார்கள்.

"கப்பல் லேட்டுன்னு சொல்ற மாதிரியே இருக்கு அக்கா" என்றாள் ரெங்கம்மா. அவளுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

பக்கத்து வீட்டு ஷெஃபாலிக்கு வேறு சந்தேகம். "தீதி, இந்த எல்லா ஆளும் வர்றாங்க, வர்றாங்க. இவங்களுக்கு பகவான்கிட்ட க்யா மாங்தா ஹே? என்ன கேக்கறோம்?"

மங்கையர்க்கரசி வேண்டுதலை மனதுக்குள் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள். கேட்பது என்னவோ கடைசியில்தான் இருந்தது. "காத்தருள வேண்டும் முருகா" என்ற வினை வரும்வரை அத்தனை பேரும் அந்தரத்தில் தொங்கினார்கள். ஈஸ்வரன் ஒரே மூச்சில் கடைசிவரை இழுத்துப் போனதால் அது யாருக்கும் உறைக்கவில்லை. துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் பாதியில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் நின்றபடியே சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இருந்த வினையை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பங்கு வைத்தாள். "போகிறவர்களையும்" என்பதை "போவோரை" என்று சுருக்கினாள். முதல் பாதியைத் தான் சொல்வது, தொடையில் ஒரு தட்டுத் தட்டுகிற நேரம் நிறுத்துவது, மறுபாதியை எல்லாரும் சொல்வது. இரண்டு சொல், ஒரு நிறுத்தம், இரண்டு சொல். நான்கு வரிக்கு ஒரு முறை குருக்கள் மணி அடிக்கட்டும், அதற்குள் எல்லாரும் மூச்சு எடுத்துக்கொள்ளலாம்.

கடலில் போவோரை – காப்பாய் முருகா
கரையில் நிற்போரை – காப்பாய் முருகா
பிழைக்க வந்தோரை – காப்பாய் முருகா
அலையில் போனோரை – நினைப்பாய் முருகா

கடைசி வரியில் "காப்பாய்" பொருந்தாது. போனவர்களை இனி எங்கே காப்பது? ஈஸ்வரனும் அந்த இடத்தில் "நினைவில் வைத்து" என்றுதான் சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டாள். சொல்லிப் பார்த்தபோது தட்டு தவறவில்லை. காடு திருத்தியது விடுபட்டது. அவர் சொல்லும் இடி மழையும் விடுபட்டது. ஒவ்வொன்றை விடும்போதும், மனுஷன் பின்னால் நின்று முறைப்பது போல இருந்தது. அவர் இருந்தபோதும் இப்படித்தான், ஒரு பழைய சட்டையைக் கழித்துப்போட விடமாட்டார்.

ஒரே ஒரு இடத்தில் அவள் கை வைக்கவே இல்லை. "நான் கரையேறும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரியையும்" என்று ஓர் இடம். ஊரறியத் தன்னைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். ஒவ்வொரு கிருத்திகைக்கும் அந்த இடம் வரும்போது கூட்டத்தில் தலை குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் இனிக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்.

மற்ற வரிகள் தண்ணீராக ஓடின. இந்த இடத்துக்கு வந்ததும் கூட்டம் தட்டுத் தடுமாறி, கடைசியில் "என் வீட்டுக்காரியை" என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கொல்லென்று சிரித்தார்கள்.

"நாங்க எந்த வீட்டுக்காரிக்கு அக்கா வேண்டிக்கிறது?" என்றாள் ரெங்கம்மா. "எம் புருஷன் கேட்டா என்ன நெனப்பாரு?"

மங்கையர்க்கரசியும் சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நெடுநேரம் முகம் கழுவினாள். ஒரு ஆள் சொன்னபோது அது அவருடைய வீட்டுக்காரி. பத்துப் பெண்கள் சொன்னால் அங்கே "நான்" இல்லை, "என்" இல்லை. அவளை எடுத்துவிட்டால்தான் வேண்டுதல் நடக்கும். வைத்திருந்தால் அவளோடேயே நின்றுபோகும். அவளுக்கு ஈஸ்வரன் மேலேயே கோபம் வந்தது. சொல்ல வேண்டியதைத் தனியாக வீட்டில் ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்.

மறுநாள் காலையில் அந்த வரி இப்படி ஆனது:

விளக்கு வைப்போரை – காப்பாய் முருகா

ஷெஃபாலியின் கணவர் மீன்பிடி போட்டில் போகிறவர். அவளுக்கு ஹிந்தியில் பொருள் சொன்னபோது, அவள் மட்டும் அந்த வரியை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சொல்லிக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை அன்று கோயிலில் நல்ல கூட்டம். தங்கையா ஸ்பீக்கர் பக்கத்தில், பை தோளில் தொங்க நின்றார். குருக்கள் கற்பூரத்தட்டை எடுத்ததும் மங்கையர்க்கரசி முன்னால் உட்கார்ந்து தொடங்கினாள். முதல் நான்கு வரி போனது. மணி அடித்தது. மூச்சை இழுத்து, அடுத்து வரும் விளக்கு வரிக்கு வாயைத் திறந்தாள். எத்தனையோ புயல் நாளில் மைக்கில் பிசிறடிக்காத குரல், வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. தங்கையா நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு தட்டு நேரம்தான் காலியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஷெஃபாலி, வங்காள நாக்கில் உருட்டி உருட்டி, அடுத்த வரியின் முதல் பாதியை எடுத்துக் கொடுத்தாள். மொத்தக் கூட்டமும் மறுபாதியைச் சொன்னது. யாரும் மங்கையர்க்கரசியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிக்கு வரி நிறுத்தம் தவறாமல் அது போய்க்கொண்டே இருந்தது.

அவள் கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரன் மூச்சு நின்ற அன்று இந்த வேண்டுதலும் நின்றது. இனிமேல் தன் மூச்சு நின்றாலும் இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. குருக்கள் கற்பூரம் ஏற்றும்வரை அவள் வாய் திறக்கவில்லை.